ஒன்பதடிக் கூடத்துக்கு எந்த டிவி?

திருவையாற்றில் அத்தை வீட்டுக் கூடம் ஒன்பதடி அகலம், பதின்மூன்றடி நீளம். காவிரிக்கரையின் பழைய தெரு வீடுகள் பலவும் இந்த அமைப்புதான். திண்ணை, ரேழி, அதன்பின் ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒரு கூடம், கடைசியில் சமையலறை. கூடத்தின் குட்டைச் சுவர் இரண்டிலும் வாசல் வந்துவிடுகிறது. டிவி மாட்ட மிஞ்சுவது நீளச் சுவர் மட்டும். எதிர்ச்சுவரை ஒட்டி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிவியைத் தேர்ந்தெடுத்ததே அதுதான். நடுவில் மாமாவின் சாய்வு நாற்காலி, திரைக்கு நேர் எதிரே, ஆறரை அடி தள்ளி. சமையலறை வாசலோரம் பாட்டியின் கட்டில். அத்தை தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார்; திரையிலிருந்து ஐந்தடிதான். பேரப் பிள்ளைகள் வந்தால் ரேழிப் பக்கம் பாய் விரித்துக் கிடப்பார்கள். நேர் எதிரே உட்கார்கிறவர் மாமா ஒருவர்தான். மற்ற அத்தனை பேரும் பக்கவாட்டிலோ கீழேயிருந்தோ பார்க்கிறவர்கள்.

பாட்டியின் இடத்தை நாடா வைத்து அளந்தேன். திரையின் நடுவிலிருந்து ஐந்தடி பக்கவாட்டில், ஆறரை அடி எதிரே. கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 38 பாகை. இந்த ஓர் எண் கையில் இருந்தால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெட்டி டிவி இருந்த காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவியை எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. குழாய்த் திரையில் ஒளி கண்ணாடியின் உட்பரப்பிலேயே பிறந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இன்றைய எல்இடி டிவியில் நடப்பது வேறு. பின்னால் வெள்ளை விளக்கு, முன்னால் திரவப் படிகத்தால் ஆன கோடிக்கணக்கான சிறு கதவுகள். அந்தக் கதவுகள் எந்த வாகில் திறக்கின்றன என்பதுதான் பேனல் வகை. அதைப் பொறுத்துத்தான் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் வெளுக்கிறதா, நிற்கிறதா என்பது.

நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் இரண்டு வகைகள். ஒன்று விஏ பேனல். நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும்; வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆனால் 25, 30 பாகை தாண்டினால் முகம் வெளிறத் தொடங்கும், அரக்குப் புடவை ரோஜா நிறமாகும். மற்றொன்று ஐபிஎஸ், ஏடிஎஸ் என்று எழுதியிருப்பதும் இதே குடும்பம்தான். இதில் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றுவிடும். விளக்கணைத்து இருட்டுக் காட்சி பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் லேசாக ஒளி கசியும். ஆனால் 38 பாகையிலும் நிறம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

க்யூஎல்இடி என்ற பெயர் இங்கே பலரைத் தடுமாற வைக்கிறது. அது தனிப் பேனல் வகை இல்லை. பின்விளக்கின் ஒளியைத் தூய நிறங்களாக்க நடுவே நுண்துகள் படலம் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் விஏயும் இருக்கலாம், ஐபிஎஸ்ஸும் இருக்கலாம். நிறம் செழிப்பாக இருக்கும் என்பது உண்மை. பாட்டியின் கட்டிலிலிருந்து அந்தச் செழிப்பு தெரியுமா என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

இதை நான் என் மன்னார்குடி வீட்டில் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நான்கு வருடத்துக்கு முன் 50 அங்குல டிவி ஒன்று வாங்கினோம். கடையில் நேர் எதிரே நின்று பார்த்தபோது கண்ணைப் பறித்தது. பேனல் என்னவென்று கேட்டதற்கு, “எல்லா எல்இடியும் ஒண்ணுதான் சார்” என்றார்கள். வீட்டில் மாட்டிய அன்று சாயங்காலமே அம்மா ஓரத்து நாற்காலியிலிருந்து, “ஏம்ப்பா, எல்லார் மூஞ்சியும் வெளிறிக் கெடக்கே, ஒயரு சரியாச் சொருகலையா?” என்றார். ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது விஏ பேனல், அம்மாவின் இடம் 40 பாகையைத் தாண்டி இருந்தது. இன்றைக்கும் அம்மா நாற்காலியை இழுத்து நடுவே போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் அத்தை வீட்டுக்குத் தேடியபோது கையில் ஒரு பென் டிரைவோடு போனேன். அதில் இரண்டே படங்கள். ஒன்று அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்தது. அரக்குப் பட்டு, குங்குமம், முகம் மூன்றும் பெரிதாகத் தெரியும். மற்றொன்று ராத்திரியில் காவிரிப் படித்துறை, பெரும்பகுதி இருட்டு. கடையில் ஓடும் மாதிரிக் காணொளியை நம்ப வேண்டாம். பூவும் பழமும் கிளியுமாக, எந்தப் பேனலிலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுத்தவை அவை. பட அமைப்பும் ‘விவிட்’ என்பதில் வைத்திருப்பார்கள். அதை ‘ஸ்டாண்டர்டு’க்கு மாற்றச் சொல்லிவிட்டு நம் படத்தைப் போட வேண்டும்.

பிறகு கடைத் தரையில் டைல்ஸை எண்ணினேன். இரண்டடி டைல்ஸாக இருந்தது. திரையிலிருந்து மூன்றேகால் டைல்ஸ் பின்னால், அங்கிருந்து இரண்டரை டைல்ஸ் பக்கவாட்டில். அதுதான் பாட்டியின் கட்டில். அங்கே நின்று குங்குமத்தைப் பார்த்தேன். முதலில் காட்டிய 50 அங்குலத்தில் குங்குமம் செங்கல் நிறமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த 43 அங்குலத்தில் குங்குமம் குங்குமமாகவே இருந்தது, ஆனால் படித்துறைப் படத்தில் இருட்டு கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது. விவரப் பட்டியலில் இரண்டுக்கும் பேனல் வகை போடவில்லை. பெரும்பாலும் போட மாட்டார்கள்.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசை டிவிகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே மாடல் வரிசையில் 43 அங்குலத்துக்கு ஐபிஎஸ்ஸும் 50-க்கு விஏயும் வருவது சகஜம். “அந்த மாடல் நல்லா இருக்குன்னு மச்சான் சொன்னான்” என்று வேறு அளவை வாங்கினால் வேறு பேனல் வந்து சேரலாம். சந்தேகம் இருந்தால் வெள்ளை எழுத்து ஓடும் இடத்தில் போன் காமிராவை நெருக்கி வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் அம்புமுனை போல வளைந்திருந்தால் பெரும்பாலும் ஐபிஎஸ். நேர்க்கோடாக, இரண்டாகப் பிரிந்து நின்றால் பெரும்பாலும் விஏ. சில பேனல்களில் இந்த அடையாளம் ஏமாற்றும். ஓரத்தில் நின்று பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

ஐபிஎஸ்ஸின் சாம்பல் கறுப்பு இந்த வீட்டுக்குக் குறையா என்று மாமாவும் நானும் பேசினோம். பகலில் வாசல் கதவு திறந்தே கிடக்கும், ராத்திரி டியூப் லைட் எரியும். இந்த வெளிச்சத்தில் எந்தப் பேனலின் கறுப்பும் முழுக் கறுப்பாகத் தெரியாது. கூடத்து வெளிச்சமே திரைமேல் பூசிக்கொள்ளும். ஆகவே விஏயின் பெரிய பலம் இங்கே வீணாகிறது. இதே கூடத்தில் இரண்டு பேர் மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து, விளக்கணைத்துப் படம் பார்க்கிறவர்களாக இருந்தால் நான் தயங்காமல் விஏ சொல்லியிருப்பேன்.

ஓஎல்இடியையும் யோசித்தோம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், கறுப்பும் முழுக் கறுப்பு. நான் மேலே சொன்ன இரண்டு குறையும் அதில் இல்லை. ஆனால் விலை நம் கணக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதைவிட முக்கியமாக, அத்தை வீட்டில் காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை ஒரே சேனல்தான். ஓஎல்இடியில் ஓரிடத்துப் புள்ளிகள் அதிகம் எரிந்தால் அவை மற்றவற்றுக்கு முன்னால் மங்கும். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் ஒருசில வருடங்களில் திரையில் தழும்பாகப் பதிந்துபோகும் ஆபத்து உண்டு. சின்னத்தை மங்கலாக்கும் ஏற்பாடுகள் இப்போது உள்ளேயே வருகின்றன என்றாலும், தினம் பன்னிரண்டு மணி நேரம் ஒரே சேனல் என்பது அதற்கு ஏற்ற வேலை இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சின்ன வேலை. டிவி வரப்போகும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவரும் தம் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் நாளைக்குத் திரையிலும் தெரியும். பாட்டிக்கு வாசல் கதவு பளிச்சென்று தெரிந்தது. டிவியை ஒன்றரை அடி சமையலறைப் பக்கம் நகர்த்தி மாட்டுவது என்று முடிவுசெய்தோம். கதவு பாட்டியின் கண்ணிலிருந்து விலகியது, கோணமும் 38-லிருந்து 28 பாகையாகக் குறைந்தது.

உயரமும் அதே கதைதான். பூஜை அலமாரிக்கு மேலே, திரையின் நடு ஐந்தரை அடியில் வரும்படி மாட்ட மாமாவுக்கு ஆசை. தரையில் உட்காரும் அத்தையின் கண் உயரம் இரண்டரை அடி. ஐந்தடி தூரத்தில் மூன்றடி மேலே பார்ப்பது 30 பாகைக்கு மேல் அண்ணாந்து பார்ப்பது. கழுத்தும் வலிக்கும், நிறமும் மாறும். மூன்றரை அடிக்கு இறக்கினால் 11 பாகைதான். “நான் தரையில ஒக்காந்து பாக்குறவ, எனக்குத் தக்கன மாட்டுங்க” என்று அத்தை சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி 4கே. கடையில் முதலில் சொல்வது இதைத்தான், என் கணக்கில் இது கடைசியில் வரவேண்டியது. 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். புல் எச்டி என்றால் அதில் குறுக்காக 1920 புள்ளிகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் ஐந்தரை அடி தூரத்துக்கு மேல் தனித்தனியாகத் தெரியாது. 4கேயில் புள்ளி அதில் பாதி; அந்த நுணுக்கம் முழுவதையும் பார்க்க மூன்றடிக்குள் போக வேண்டும். மாமா ஆறரை அடியில் இருக்கிறார். அத்தை ஐந்தடியில் இருக்கிறார், ஆனால் கண் கீரையில் பாதி. இந்தக் கூடத்தில் 43 அங்குலத்துக்கு புல் எச்டிக்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது என்றே சொல்வேன்.

வித்தியாசம் தெரிவது உள்ளே வரும் படத்தில். சாதாரணக் கேபிள் சேனலில் குறுக்காக 720 புள்ளிகள், செங்குத்தாக 576 கோடுகள். அதை 95 சென்டிமீட்டருக்கு இழுத்தால் ஒரு புள்ளி ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல். அது கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கப் பதினைந்து அடி தள்ளி உட்கார வேண்டும். வாசல் திண்ணைக்குத்தான் போக வேண்டும். புது டிவி வாங்கிய பிறகு “பழைய டிவியே பரவாயில்லை, இதில் மங்கலாகத் தெரிகிறது” என்று பலர் சொல்வது இதனால்தான். பழைய சின்னத் திரையில் மறைந்திருந்த குறை பெரிய திரையில் வெளியே வந்துவிடுகிறது.

அத்தை வீட்டில் இன்னொன்றும் கண்டுபிடித்தோம். செட்டாப் பாக்ஸ் எச்டி பாக்ஸ்தான், மாதாமாதம் எச்டி சேனல்களுக்குப் பணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டிவிக்கு வந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஏவி ஒயர். அந்த ஒயரில் எச்டி வராது. எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றை மாட்டி, பாக்ஸின் அமைப்பில் வெளியீட்டை 576i என்பதிலிருந்து 1080i என்பதற்கு மாற்றியதும், புது டிவி வருவதற்கு முன்பே பழைய டிவியில் எழுத்து கூர்மையாகிவிட்டது. மாமா, “இத்தனை வருஷமாச் சும்மா காசு கட்டியிருக்கோமே” என்று ஒயரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் 4கே வேண்டாமா? ஒதுக்கவும் வேண்டியதில்லை. 43 அங்குலத்தில் இப்போது நல்ல நிறுவனங்களின் டிவி பெரும்பாலும் 4கேயாகத்தான் வருகிறது. நான் சொல்வது இதுதான்: விஏ 4கேயும் ஐபிஎஸ் புல் எச்டியும் ஒரே விலையில் நின்றால் இந்தக் கூடத்துக்கு இரண்டாவதை எடுங்கள். இணையத்தில் 4கே பார்க்கவும் நொடிக்கு 15 மெகாபிட் வேகம் விடாமல் வர வேண்டும், சந்தாத் தளமென்றால் பெரும்பாலும் 4கே தரும் மேல்தட்டுச் சந்தாவாகவும் இருக்க வேண்டும். 32 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள ஒரு காலத்தில் வரிக் காரணம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டதால் அந்தக் காரணமும் போயிற்று.

ஒலிக்கு வருகிறேன். மாமாவுக்கு இதுதான் முக்கியம். தியாகராஜ ஆராதனை அன்று கூட்டத்தில் உட்கார முடியாத வயது; நாலு தெரு தள்ளி நடப்பதை தூர்தர்ஷன் நேரலையில்தான் பார்க்கிறார். டிவியின் ஒலியை அவர் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. போனில் வைத்திருந்த மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். “வலந்தலை எல்லா டிவிலயும் கேக்கும் தம்பி. தொப்பி கேக்குதான்னு பாரு” என்றார். கேட்டால் அது உண்மை. நான்கு டிவியிலும் வலந்தலையின் ‘நம்’ கணீரென்று வந்தது. தாழ்ந்த தொனி தரும் இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’ மூன்றில் வெறும் தட்டலாக வந்தது, ஒன்றில் வரவே இல்லை.

காரணம் எளிது. டிவி மெலிந்துபோனதால் ஒலிபெருக்கிக்கு உள்ளே இடமில்லை. கட்டைவிரல் அகலக் கூம்பு ஒன்று அடிப்பக்கம் பார்த்துப் பேசுகிறது. தாழ்ந்த தொனிக்கு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும், அந்தக் கூம்பால் முடியாது. 20 வாட், 30 வாட் என்று எழுதியிருப்பது அதற்குள் அனுப்பப்படும் மின்சக்தி. கூம்பின் அளவையோ ஒலியின் தரத்தையோ அது சொல்வதில்லை. டால்பி என்ற முத்திரையும் அந்த வகை ஒலியைப் பிரித்துப் படிக்கத் தெரியும் என்பதற்கான அடையாளம்தான். படிக்கத் தெரிந்தும் பாட முடியாத குரல் என்றால் என்ன செய்வது?

இதற்கு மேல் கூடத்தின் தொல்லை. உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்புக் காவித் தரை, சுண்ணாம்புச் சுவர். நடுவில் நின்று கை தட்டினால் ஓசை ஒரு கணம் தங்கி நிற்கிறது. தலைக்கு மேல் ஐந்தில் ஓடும் மின்விசிறி. இந்த இரண்டுக்கும் நடுவில் வசனத்தின் மெய்யெழுத்துகள்தான் முதலில் காணாமல் போகும். பாட்டி சத்தத்தைக் கூட்டச் சொல்வார், கூட்டினால் எதிரொலியும் கூடும், சொல் அப்படியேதான் புரியாமல் இருக்கும். ஒரு ஜமக்காளம், வாசலுக்கு ஒரு கனத்த திரைச்சீலை, ஒலி அமைப்பில் குரலைத் தூக்கும் ‘நியூஸ்’ போன்ற முறை என்று செலவில்லாத இந்த மூன்றையும் முதலில் செய்தோம். பாட்டிக்குப் பாதி தீர்ந்தது. மாமாவின் தொப்பிக்கு சவுண்ட்பார்தான் வழி.

அதிலும் ஒரு தேர்வு. தனியாகப் பெரிய பெட்டி ஒன்றோடு வருவது தொப்பியை அருமையாகக் கொடுக்கும். ஆனால் தெரு வீட்டில் அடுத்த வீட்டோடு சுவர் பொது. தாழ்ந்த தொனி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அடுத்த வீட்டில் கைக்குழந்தை. அதனால் பெட்டி இல்லாத, சற்றுப் பருத்த ஒற்றைப் பட்டை எடுத்தோம். தொப்பி முழுதாக இல்லை, இருந்தாலும் ‘தொம்’ என்று அடையாளம் தெரியும்படி கேட்கிறது.

மாட்டுவதில் இரண்டு தவறு அதிகம் நடக்கிறது. புளூடூத்தில் இணைத்தால் உதடு முந்தும், சொல் பிந்தும். டிவியின் பின்னால் HDMI (ARC) என்று அச்சிட்ட துளை ஒன்றுதான் இருக்கும். ஒயரை அதில்தான் சொருக வேண்டும், பக்கத்துத் துளையில் சொருகினால் ஒலி வராது. சரியாகச் சொருகியும் சில சேனல்களில் மட்டும் மௌனம் என்றால், டிவியின் ஒலி வெளியீட்டு அமைப்பை PCM என்று மாற்றிப் பாருங்கள். சேனல் டால்பியில் அனுப்புவதை அந்தப் பட்டைக்குப் படிக்கத் தெரியாததே காரணமாக இருக்கும். சரியாக இணைந்துவிட்டால் டிவி ரிமோட்டே போதும், பாட்டிக்கு இரண்டாவது ரிமோட் ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மொத்தக் கணக்கு 35,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு 50 அங்குல விஏ க்யூஎல்இடி ஒன்றே ஒன்று வந்திருக்கும், ஒலிக்கு மிச்சமிருக்காது. 43 அங்குல ஐபிஎஸ் 4கே 28,500-க்கும் சவுண்ட்பார் 5,400-க்கும் முடிந்தது. எச்டிஎம்ஐ ஒயர் இரண்டும் சுவர்த் தாங்கியும் மீதியில் அடங்கின. “பெரிசா எடுத்திருக்கலாமோ” என்று மாமா வண்டியில் வரும்போது ஒரு தடவை கேட்டார். மாட்டி முடித்து, முதலில் அதே கல்யாணப் படத்தைப் போட்டேன். பாட்டி கட்டிலை விட்டு எழுந்திருக்காமல், பேத்தி கட்டியிருந்த பட்டின் கரையைப் பார்த்துவிட்டு, “இது நான் எடுத்துக் குடுத்த அரக்குதானே?” என்றார்.